திரும்பாம இருக்க

மனித குல வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: திரை தானாகத் திரும்பாத காலம், திரை தானாகத் திரும்பும் காலம். நெருப்பு, சக்கரம், எழுத்து எல்லாம் முதல் காலத்தில் நடந்த சில்லறைச் சம்பவங்கள். போனைச் சாய்த்ததும் உள்ளே இருக்கிற படம் விழாமல் தானே எழுந்து நின்றதே, அன்றைக்குத்தான் மனிதன் குகையை விட்டு வெளியே வந்தான். அப்படிப்பட்ட திரைக்குப் பூட்டுப் போட்டு வைத்திருப்பவன் யார்? திரும்பவும் குகைக்குள் போய் வாசலில் பாறையை உருட்டி மூடிக்கொண்டவன்.

இது கீழ் டாக்டரின் கருத்து. இதை அவர் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லிவிடுவார். கேட்பவர் கையில் பழுதான போன் இருப்பதால் தலையாட்டித்தான் ஆக வேண்டும்.

அவர் டாக்டரானது படித்து அல்ல, கட்டிடத்தால். மாடியில் கழுத்து, முதுகு, மூட்டு வலிக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண் மருத்துவர் இருந்தார். கீழே இவருடைய போன் பழுது பார்க்கும் கடை. படிக்கட்டில் நின்று "டாக்டர் இருக்காங்களா?" என்று கேட்டவர்களிடம் யாரோ "மேலயா கீழயா?" என்று கேட்டுவைக்க, பட்டம் ஒட்டிக்கொண்டது. மேல் டாக்டர் சிரித்துவிட்டுப் போனார். கீழ் டாக்டர் அதை மெய்யாகவே எடுத்துக்கொண்டார். நோயாளி வாயைத் திறப்பதற்கு முன்பே நோயைச் சொல்லிவிடுவதுதான் நல்ல டாக்டருக்கு அழகு என்று நம்பினார். ஆகையால் அவர் கடையில் யாரும் ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை.

கடையில் இன்னொருவர் அவருடைய அக்கா. முன் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து கவர் போடுவதும் திரைக்குக் கண்ணாடி ஒட்டுவதும் அவர் வேலை. கண்ணாடிக்கு அடியில் ஒரு காற்றுக் குமிழி கூட விடமாட்டார். தம்பியைத்தான் அவரால் ஒட்ட முடியவில்லை; எந்த வரனும் நிற்கவில்லை. ஒரு வழியாக மேல் டாக்டரிடமே ஜாடையாகப் பேச்சை எடுத்திருந்தார். பதிலோடு அன்று காலை கடைக்கு வந்தார்.

"டேய், மாடியில பேசிட்டேன்."

கீழ் டாக்டர் கையிலிருந்த திருகாணியைக் கீழே வைத்தார். அது மேஜையின் இடது ஓரத்தை நோக்கி நிதானமாக உருண்டது. அவர் பார்க்காமலேயே கையை நீட்டிப் பிடித்தார். இரண்டு மூன்று நாளாக மேஜையில் எதை வைத்தாலும் அந்தப் பக்கம்தான் போனது. மேஜைக் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த அட்டையை அக்கா எதையோ பொட்டலம் கட்ட எடுத்துப் போயிருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"யோசிக்கிறேன்னு சொன்னாங்க, ஆனா அவரு ஒரு தடவையாவது—"

"யோசிக்கிறாங்களா? அப்ப முடிஞ்ச மாதிரிதான். யோசிக்கிறவங்க எல்லாம் கடைசியில என் பக்கம்தான் வருவாங்க."

"முழுசா கேளுடா."

"கேட்டாச்சுக்கா."

மேல் டாக்டர் உண்மையில் சொன்னது இது: "யோசிக்கிறேன். ஆனா அவரு ஒரு தடவையாவது நான் பேசி முடிக்கிற வரைக்கும் கேட்டாருன்னா யோசிக்கிறேன். இல்லேன்னா வேணாம்." அக்கா இதை இன்னும் இரண்டு முறை சொல்லப் பார்த்தார். இரண்டு முறையும் "யோசிக்கிறேன்" வரைதான் போக முடிந்தது. பிறகு 'பட்டுத் தெரிஞ்சுக்கட்டும்' என்று ஒரு கவரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

அப்போது மாடியிலிருந்து லாரி அண்ணன் இறங்கி வந்தார். நெடுந்தூரம் ஓட்டி ஓட்டிக் கழுத்து பிடித்துக்கொண்டு மேல் டாக்டரிடம் வந்து போகிறவர். கையில் போனை வைத்துக் காற்றில் எட்டுப் போட்டுக்கொண்டே வந்தார்.

"அண்ணே, கொசு விரட்டுறீங்களா?"

"இல்ல தம்பி. படம் திரும்பலேன்னா இப்படிச் சுத்தணும்னு பேத்தி சொல்லுச்சு."

"அது திசைகாட்டிக்கு. வரைபடத்துல அம்புக்குறி தப்பான பக்கம் காட்டுச்சுன்னா எட்டுப் போடலாம். திரை திரும்புறதுக்கு அது வேலைக்கு ஆகாது. அது வேற சென்சார். பூமி எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பாத்துக்கிட்டு, அதுக்கு எதிர்ப்பக்கம் படத்தோட தலையை வெக்கும். அவ்வளவுதான்." போனை வாங்கி, திரையின் மேல் ஓரத்திலிருந்து விரலைக் கீழே இழுத்தார். வரிசையாகப் பொத்தான்கள் வந்தன. ஒன்றில் குட்டிப் பூட்டு. "பாத்தீங்களா. குகை. யாரு பூட்டுனது?"

"நான்தான் தம்பி. படுத்துக்கிட்டுப் பாக்கும்போது அது—"

"படுத்துக்கிட்டுப் பாத்தா கழுத்து வலிக்காம என்ன பண்ணும்?" பொத்தானைத் தட்டினார், பூட்டு போய், திரும்பும் அம்புகள் வந்தன. போனைச் சாய்த்துக் காட்டினார். படம் சட்டென்று அகலமாகப் படுத்தது. "நாகரிகத்துக்கு வாங்க."

லாரி அண்ணன் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அக்கா அவரைப் பார்த்து, வேண்டாம், வீண் முயற்சி என்பதுபோலக் கண்ணைக் காட்டினார். அண்ணன் போய்விட்டார்.

மதிய வாக்கில் மேல் டாக்டரே இறங்கி வந்தார். கையில் சிகிச்சை அறையில் பயன்படுத்தும் டேப்லெட். கீழ் டாக்டர் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். சட்டைக் காலரைச் சரி செய்தார். மேஜையைத் துடைத்தார்.

"வாங்க டாக்டர்."

"ஒண்ணுமில்ல, ஒரு சின்ன உதவி. இந்த டேப் திரும்பாம இருக்க—"

"திரும்பாம இருக்கா? விடுங்க டாக்டர். கவலையே வேணாம். உக்காருங்க."

"அதாவது, நோயாளிங்க—"

"எத்தனை நோயாளி வந்தாலும் திரும்பும் பாருங்க."

மேல் டாக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா கூரையைப் பார்த்தார்.

கீழ் டாக்டர் டேப்லெட்டை மேஜையில் இருந்த ரப்பர் விரிப்பின் மேல் மெதுவாக, ஒரு குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோலப் போட்டார். வேறு யாருடையதாக இருந்தாலும் கையில் தூக்கிச் சாய்த்துப் பார்த்திருப்பார். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பது மேல் டாக்டர். ஒற்றை விரலால் வேலையைக் காட்டினால்தான் கம்பீரம்.

"முதல்ல பூட்டு." மேலிருந்து இழுத்தார். திரும்பும் அம்புகள் ஒளிர்ந்துகொண்டிருந்தன. "பூட்டு இல்ல. நீங்க குகைவாசி இல்ல டாக்டர், அது எனக்குத் தெரியும்."

"நான் சொல்ல வந்தது—"

"ரெண்டாவது ஆப்." நோயாளிகளின் விவரம் இருந்த பக்கம் திறந்திருந்தது. ஒற்றை விரலால் டேப்லெட்டை விரிப்பின் மேல் பக்கவாட்டில் சுழற்றினார். திரை அசையவில்லை. "பலரும் இங்கதான் ஏமாறுவாங்க. சில ஆப் செய்யும்போதே நிமிந்துதான் நிக்கணும்னு செஞ்சிருப்பாங்க. பூட்டு இல்லேன்னாலும் திரும்பாது. அது பழுது இல்ல, வளர்ப்பு. அதனால திரும்பக்கூடிய வேற ஒண்ணுல பாக்கணும்." வீடியோ பார்க்கும் ஆப்பைத் திறந்தார். ஒரு பயிற்சிப் படம் ஓடியது. மறுபடி ஒற்றை விரல், மறுபடி சுழற்சி. படம் நின்ற இடத்திலேயே நின்றது.

"இதுவும் திரும்பல," என்றார், வெற்றியோடு. "அப்ப சென்சார்தான்."

"டேய்," என்றார் அக்கா, கண்ணாடி ஒட்டிக்கொண்டே, "கையில தூக்கிப் பாரேன்."

"அக்கா, நீ கவரைப் பாரு."

மேஜையில் மல்லாந்து கிடக்கும் டேப்லெட்டை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் பூமி அதை முதுகுப் பக்கம்தான் இழுக்கும். எந்த ஓரம் மேலே, எந்த ஓரம் கீழே என்று அதற்குத் தெரியப் போவதில்லை. ஆகையால் கடைசியாக எப்படி நின்றதோ அப்படியே நிற்கும். இது கீழ் டாக்டருக்குத் தெரியும். காலையில் லாரி அண்ணனுக்கு அவரே கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார். ஆனால் காலையில் எதிரே இருந்தது லாரி அண்ணன்.

டேப்லெட்டுக்கு ஒரு குறையும் இல்லை. கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. அதற்குத்தான் வைத்தியம் ஆரம்பித்தது.

"உள்ளே ஒரு பக்கம் இருக்கு டாக்டர். எல்லாருக்கும் தெரியாது." அமைப்புகளுக்குள் போய், அதற்குள் இன்னொன்றுக்குள் போய், சென்சாரைச் சரிசெய்யும் பக்கத்தைக் கண்டுபிடித்தார். சமமான இடத்தில் அசையாமல் வைத்துப் பொத்தானை அழுத்தவும் என்று அது சொன்னது. "சமம்னா இதுதான் சமம்னு அதுக்கு நாம சொல்லிக் குடுக்கணும். குழந்தை மாதிரி."

அவர் கை நகர்ந்ததில் விரிப்புக்கு வெளியே இருந்த ஒரு திருகாணி புறப்பட்டு, இடது ஓரத்துக்குப் போய், தரையில் விழுந்தது. மேல் டாக்டரின் கண் அதன் பின்னாலேயே போனது.

"ஏங்க, இந்த மேஜை கொஞ்சம்—"

"சின்ன மேஜைதான் டாக்டர். ஆனா எவ்வளவு பாத்திருக்கு." பொத்தானை அழுத்தினார். முடிந்தது என்று திரை சொன்னது. கோணல் மேஜையின் கோணல், சமம் என்ற பெயரில் டேப்லெட்டின் மண்டைக்குள் ஏறியது.

இப்போதுதான் கீழ் டாக்டர் அதை இரண்டு கையாலும் தூக்கிச் சாய்த்தார். படம் பட்டென்று திரும்பியது. தூக்கியிருந்தால் முதலிலேயே திரும்பியிருக்கும் படம். அக்கா தொண்டையைச் செருமினார். கீழ் டாக்டருக்கு அது கைதட்டல்போலக் கேட்டது.

"பாத்தீங்களா. லேசா சாச்சாலே திரும்புது."

"ஆமா," என்றார் மேல் டாக்டர், மெதுவாக. "லேசா சாச்சாலே திரும்புது."

டேப்லெட்டை வாங்கிக்கொண்டு படியேறினார். பாதிப் படியில் நின்று ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கீழ் டாக்டர் அன்று முழுவதும் மனசுக்குள் போட்டுப் போட்டுப் பார்த்தார். அகலமாகவும் பார்த்தார், நெடுக்காகவும் பார்த்தார். எப்படித் திருப்பினாலும் காதல் மாதிரியே இருந்தது.

மறுநாள் மாடியிலிருந்து முனகல் அதிகமாகக் கேட்டது. பக்கவாட்டில் படுக்க வைத்து, டேப்லெட்டில் பயிற்சியைக் காட்டிச் செய்யச் சொல்வது மேல் டாக்டரின் முறை. படுத்திருப்பவர்கள் எல்லாரும் அன்று ஏனோ தலையை வளைத்து வளைத்துப் பார்த்தார்களாம். அக்கா போய்விட்டு வந்து சொன்னார். "நிறையப் பேரு வந்தா தொழில் நல்லாப் போகுதுன்னு அர்த்தம்," என்றார் கீழ் டாக்டர்.

இதைச் சொன்னபோது அவர் ஒரு போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் செருகிக்கொண்டு உதிரி பாகம் அனுப்புகிறவரோடு பேசிக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் வேலை. தினமும் அப்படித்தான் பேசுவார். பேச்சு முடிந்து தலையை நிமிர்த்தப் போனார். தலை வரவில்லை.

"அக்கா."

"என்னடா?"

"திரும்ப மாட்டேங்குது."

அக்கா எழுந்து வந்து அவரைச் சுற்றிப் பார்த்தார். "பூட்டு விழுந்திருக்கும். மேலேருந்து இழுத்துப் பாரு."

"வலிக்குதுக்கா."

"இல்லேன்னா அந்த ஆப் அப்படித்தான் போல. வளர்ப்பு." இதைச் சொல்லும்போது அக்காவின் முகம் குமிழி விழாமல் ஒட்டிய கண்ணாடி மாதிரி இருந்தது. "மேஜையில படு, சமம்னு சொல்லிக் குடுக்கிறேன்."

கடைசியில் அக்காதான் கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டார். ஒரு பக்கமாகச் சாய்ந்த தலையோடு கீழ் டாக்டர் மேல் டாக்டரின் அறைக்குள் நுழைந்தார். மெல்லிய திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கட்டிலில் லாரி அண்ணன் படுத்திருந்தார்.

"வா தம்பி," என்றார் திரைச்சீலை வழியாக. "நாகரிகத்துக்கா?"

கீழ் டாக்டர் பதில் சொல்லவில்லை. அவருக்கு அது புதிய அனுபவம்.

மேல் டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "இதுக்குக் காரணம்—"

"சுளுக்கு டாக்டர். தோள்ல போனை வெச்சுப் பேசினதுல—"

"தெரியுது. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க. தலையணையை விட்டுத் தலை எழும்பக் கூடாது. இந்தப் படத்துல காட்டுற மாதிரி தாடையை உள்ளே இழுத்துப் பிடிக்கணும். நான் சொல்ற வரைக்கும் பேசக் கூடாது. பேசினா தாடை வெளியே வந்துடும், முதல்லேருந்து செய்யணும்."

கட்டிலை ஒட்டி ஒரு வளையும் கம்பி. அதன் முனையில் டேப்லெட். ஒருக்களித்துப் படுத்திருப்பவரின் முகம் எப்படிச் சாய்ந்திருக்கிறதோ அதே சாய்வுக்கு மேல் டாக்டர் டேப்லெட்டையும் சாய்த்து வைத்தார். படத்தில் ஒரு பெண் தாடையை உள்ளே இழுக்கத் தயாரானாள். உடனே படம் பட்டென்று திரும்பிக்கொண்டது.

கீழ் டாக்டரின் கண்ணுக்கு அந்தப் பெண் இப்போது குறுக்கே படுத்துக்கொண்டு தாடையை இழுத்தாள். மேலே இழுக்கிறாளா பக்கத்தில் இழுக்கிறாளா என்று புரியவில்லை. புரிந்துகொள்ளத் தலையைக் கொஞ்சம் எழுப்பி அவள் பக்கம் சாய்த்தார். கழுத்தில் சுள்ளென்றது.

"கழுத்தைத் திருப்பாதீங்க."

"படம் திரும்புது டாக்டர்."

"திரும்பத்தான் செய்யும். நீங்கதானே சரி பண்ணீங்க. தாடை."

தாடையை உள்ளே இழுத்தார். மேல் டாக்டர் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தினார். டேப்லெட் இம்மியளவு அசைந்தது. படம் பட்டென்று அந்தப் பக்கம் போய், ஒரு கணம் யோசித்து, பட்டென்று இந்தப் பக்கம் வந்தது. திரைச்சீலைக்குப் பின்னால் லாரி அண்ணன், "லேசா சாச்சாலே," என்று, மேல் டாக்டர் வாயால் கேட்டதைப் பொதுவாக யாரிடமோ சொன்னார்.

பூமி இழுக்கும் பக்கத்துக்கு எதிராகத் தலையை வைக்கும் படம், நிற்பவனுக்கு நல்லது. உட்காருபவனுக்கும் நல்லது. படுத்தவனுக்கு? படுத்தவனின் தலை பூமியோடு சேர்ந்து படுத்துவிடுகிறது. படத்துக்கு அது தெரியாது. அது பூமியைத்தான் பார்க்கும், முகத்தைப் பார்க்காது. குகையிலிருந்து வெளியே வந்த மனிதன் களைத்துப்போய் ஒரு பக்கமாகப் படுப்பான் என்பதை நாகரிகம் கணக்கில் எடுக்கவில்லை. லாரி அண்ணன் எடுத்திருந்தார். அதனால்தான் பூட்டியிருந்தார். கீழ் டாக்டர் இதை யாரிடமாவது சொல்ல விரும்பினார், தன் கண்டுபிடிப்பு என்றே சொல்ல விரும்பினார். ஆனால் தாடை உள்ளே இருந்தது.

மேல் டாக்டர் ஒரு முக்காலியை இழுத்து அவர் எதிரே உட்கார்ந்தார். கையைக் கட்டிக்கொண்டார்.

"நேத்து கீழ வந்தேன். ஒண்ணு கேக்கலாம்னு. என்ன கேக்க வந்தேன்னு தெரியுமா?"

கீழ் டாக்டரின் கண் பெரிதானது. தாடை கொஞ்சம் வெளியே வரப் பார்த்தது.

"உள்ளே."

உள்ளே போனது.

"இந்த டேப் திரும்பாம இருக்க ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க, நோயாளிங்க எல்லாம் ஒருக்களிச்சுப் படுத்துப் பாக்கிறாங்க, படம் திரும்பித் திரும்பி அவங்க கழுத்தை வளைக்குது." அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. கடைசி வார்த்தைக்குப் பிறகும் கொஞ்ச நேரம் விட்டார். "முற்றுப்புள்ளி. இப்பப் பேசலாம்."

கீழ் டாக்டர் தாடையை விடுவித்தார். வாயைத் திறந்தார்.

"என் மேஜை கோணல்," என்றார். "அதுல வெச்சு சமம்னு சொல்லிட்டேன். நல்லா இருந்ததைக் கெடுத்துட்டேன். நேரான தரையில வெச்சு மறுபடி செஞ்சாச் சரியாயிடும்."

"தெரியும். திருகாணி உருண்டதைப் பாத்தேன். சொல்ல வந்தேன்."

"சொல்லியிருக்கலாமே டாக்டர்."

மேல் டாக்டர் அவரைப் பார்த்தார். திரைச்சீலைக்குப் பின்னால் கட்டில் குலுங்கியது. லாரி அண்ணனுக்குச் சிரிக்கக் கூடாது என்று உத்தரவு, கழுத்து வலிக்கும்.

"உங்க அக்கா கிட்டயும் ஒண்ணு சொல்லி அனுப்பினேன்," என்றார் மேல் டாக்டர். "அதையும் நீங்க பாதிதான் கேட்டீங்களாம்."

கீழ் டாக்டருக்கு 'யோசிக்கிறேன்' என்ற சொல்லுக்கு அந்தப் பக்கம் ஏதோ இருந்திருக்கிறது என்று முதல் முறையாகத் தோன்றியது. என்ன என்று கேட்க நாக்கு துடித்தது. அதோடு, மீதியைத் தானே ஊகித்துச் சொல்லிவிடலாம் என்றும் துடித்தது.

"அதோட மீதியைச் சொல்லட்டுமா?"

பயிற்சி முடிந்துவிட்டது. பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கீழ் டாக்டர் தாடையை அவராகவே உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

மேல் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு அன்று முதல் முறையாகச் சிரித்தார். "இருங்க, அடுத்த நோயாளி வந்துட்டாங்க. பாத்துட்டு வந்து முழுசா சொல்றேன்." வாசல் பக்கம் எழுந்து போனார்.

கீழ் டாக்டர் படுத்தபடியே காத்திருந்தார். படத்தில் இருந்த பெண் இன்னும் குறுக்கே கிடந்து தாடையை இழுத்துக்கொண்டிருந்தாள். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. அண்ணன் தூங்கிவிட்டார் போல. இருந்தாலும் ஒரு முறை கண்ணை மட்டும் ஓட்டி உறுதி செய்துகொண்டார்.

பிறகு கையை நீட்டிக் கம்பியை வளைத்து டேப்லெட்டை நேராக நிறுத்தினார். படம் நிமிர்ந்தது. திரையின் மேல் ஓரத்திலிருந்து விரலால், சத்தமே வராத வேலையை இன்னும் சத்தமில்லாமல், கீழே இழுத்தார். திரும்பும் அம்புகளைத் தட்டினார். அங்கே ஒரு குட்டிப் பூட்டு வந்து உட்கார்ந்தது. டேப்லெட்டைத் தன் முகத்தின் சாய்வுக்குத் திரும்பச் சாய்த்து, தலையைத் தலையணையில் வைத்துக்கொண்டார். படம் திரும்பவில்லை.